மங்கிய சோவியத் முத்திரையிலிருந்து ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கலப்படத் தபால்தலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் கொட்டினால் சோவியத் தலைகள் நாலைந்தாவது கண்ணில் படும். அவற்றின் நாட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஆங்கில ‘சி’ மூன்றும் ‘பி’ ஒன்றும் சேர்ந்தாற்போல ஒரு சொல் தலையிலேயே அச்சாகியிருக்கும். ஆனால் அந்தத் தலை எந்த ஊரில் ஒட்டப்பட்டது என்பதை அது சொல்லாது. மாஸ்கோவில் விற்றதும் தாஷ்கந்தில் விற்றதும் ரீகாவில் விற்றதும் ஒரே தலைதான். இன்று அந்த மூன்று ஊர்களும் வெவ்வேறு நாடுகளில் இருக்கின்றன. எந்த நாடு, எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லக்கூடியது மேலே குத்திய கறுப்பு வட்டம் மட்டுமே. அதுவோ பாதி மங்கியிருக்கும், மீதி உறையோடு போயிருக்கும், எழுத்தும் நமக்குத் தெரியாத எழுத்து.

புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக எழுத்தைப் படிக்கப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் எழுத்து கடைசியில்தான். முதலில் வட்டம், அப்புறம் தேதிக் கோடு, பிறகுதான் எழுத்து. ஒரு எழுத்தின் உருவம் மங்கினாலும் அது வட்டத்தில் எங்கே நிற்கிறது என்பது மங்குவதில்லை. அந்த இடத்தை வைத்தே ஊரைப் பிடித்துவிட முடியும். எப்படி என்று கீழே ஒரு முத்திரையை எடுத்து முழுதாகப் பார்ப்போம்.

முதலில், அது நிஜ முத்திரையா?

தலையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பசை அப்படியே பளபளவென்று இருக்கிறது, முன்பக்கத்தில் முத்திரை ஒரு மூலையில் கால்வட்டமாகக் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்தத் தலை எந்தக் கடிதத்திலும் ஒட்டப்பட்டதல்ல. சேகரிப்பாளர்களுக்குக் குறைந்த விலையில் விற்பதற்காக, தாள்தாளாக வைத்து முன்கூட்டியே முத்திரை அடித்துவிடுவார்கள். நான்கு தலைகள் சேரும் மூலையில் ஒரு குத்து, ஒவ்வொன்றிலும் கால்வட்டம். சோவியத் யூனியன் இப்படி ஏராளமாக வெளிநாடுகளுக்கு விற்றது. நம் ஊர்ப் பொட்டலங்களில் பளிச்சென்று இருக்கும் சோவியத் தலைகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

அதைப் படிக்க மெனக்கெட வேண்டாம். படித்தாலும் அதில் ஒரு கடிதத்தின் பயணம் எதுவும் இல்லை. பசை கழுவப்பட்டு, கொஞ்சம் கசங்கி, முத்திரை கோணலாகக் குறுக்கே ஓடுகிற தலைதான் நமக்கு வேண்டியது. பார்க்க அழகாக இராது. விஷயம் அதில்தான் இருக்கிறது.

மையை மேலே கொண்டுவருதல்

மங்கிய முத்திரையின் மேல் பென்சிலால் கோடு இழுப்பது, ஈரத் துணியால் துடைத்துப் பார்ப்பது இரண்டையும் செய்யாதீர்கள். தலை கெடும் என்பது ஒரு பக்கம். நீங்கள் இழுத்த கோட்டை நாளைக்கு நீங்களே முத்திரையின் கோடு என்று நம்பிவிடுவீர்கள்.

முதலில் வெளிச்சம். அறையை இருட்டாக்கி, மேசையோடு மேசையாகக் கைவிளக்கைப் படுக்கவைத்து, ஒளி தலையின் மேல் சாய்வாகத் தடவிப்போகும்படி பாருங்கள். உலோக முத்திரையை ஓங்கிக் குத்தியிருந்தால் மை போன இடத்திலும் தாளில் பள்ளம் நிற்கும். சில சமயம் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் அது நன்றாகத் தெரியும், ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திரும்பியிருக்கும்.

அதிலும் தெரியவில்லையென்றால் ஸ்கேன். 1200 டிபிஐயில், வண்ணத்தில் எடுங்கள். 30 மில்லிமீட்டர் அகலத் தலை ஏறக்குறைய 1400 புள்ளி அகலப் படமாக வரும். இதற்கு அது போதும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அடுத்த வேலையைச் செய்ய முடியாது.

அடுத்த வேலை வண்ணம் பிரிப்பது. இலவசமாகக் கிடைக்கும் `GIMP` மென்பொருளில் படத்தைத் திறந்து `Colors → Components → Decompose` போய் `RGB` என்று கொடுத்தால் ஒரே படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சாம்பல் நிறப் படங்களாகப் பிரியும். இதில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: தலை என்ன நிறமோ அந்த நிறப் படத்தைப் பாருங்கள். சிவப்புத் தலை சிவப்புப் படத்தில் கிட்டத்தட்ட வெள்ளையாக வெளுத்துப்போகும். கறுப்பு மை எந்தப் படத்திலும் வெளுக்காது. ஆகவே அச்சிட்ட ஓவியம் பின்வாங்க, முத்திரை மட்டும் முன்னால் நிற்கும். பலவண்ணத் தலையென்றால் மூன்றையும் மாறிமாறிப் பார்க்க வேண்டியதுதான். கருநீலத் தலைமேல் கறுப்பு மை விழுந்திருந்தால் நீலப் படமும் அவ்வளவாகக் கைகொடுக்காது. அதை ஏற்றுக்கொண்டு வேறு தலைக்குப் போய்விடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதே தலையின் முத்திரை படாத படம் ஒன்றை இணையப் பட்டியல்களில் தேடி எடுத்து, உங்கள் ஸ்கேன்மேல் இன்னொரு அடுக்காகப் போட்டு, அளவைச் சரிசெய்து, அடுக்கின் முறையை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டிலும் ஒன்றாக இருப்பதெல்லாம் இருண்டுவிடும், வேறாக இருப்பது மட்டும் வெளிச்சமாக நிற்கும். அந்த வேறானதுதான் முத்திரை. நுணுக்கமான கோடுகள் நிறைந்த செதுக்கு அச்சுத் தலைகளுக்கு இது மிகவும் உதவும். அங்கே ஓவியக் கோடு எது, எழுத்தின் கோடு எது என்று வெறும் கண்ணால் பிரிக்கவே முடியாது.

ஒரு எச்சரிக்கை. ஒளியையும் இருளையும் முறுக்கிக்கொண்டே போனால் தாளின் நார்கூட எழுத்தாக நிமிர்ந்து நிற்கும். ஒரு கோடு மூன்று வண்ணப் படங்களில் குறைந்தது இரண்டிலாவது தெரிந்தால்தான் அதை மை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தை முழுதாக்குங்கள்

இப்போது எழுத்தை மறந்துவிட்டு வட்டத்தின் வில்லை, அதாவது வளைந்த கோட்டை மட்டும் பாருங்கள். தலையின் மேல் வட்டத்தில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் விழுந்திருக்கும். அந்த வில்லின்மேல் இடைவெளி விட்டு இரண்டு நாண்கள் வரைந்து, ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் செங்குத்தாகக் கோடு இழுத்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் வட்டத்தின் மையம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். திரையிலும் செய்யலாம், படத்தைப் பெரிதாக அச்சடித்து ஸ்கேலும் பென்சிலும் வைத்தும் செய்யலாம். தலைமேல் அல்ல, அச்சடித்த தாளின்மேல்.

அவசரமென்றால் நாணயங்கள் இருக்கின்றன. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். சோவியத் கைமுத்திரைகள் பலவும் அதற்கு முன்பின்னாகத்தான் இருக்கும். தலையை உறையில் போட்டு, மேலே நாணயத்தை வைத்து வில்லோடு பொருத்திப் பார்த்தாலே வட்டம் எங்கே முடிகிறது என்று புரிந்துவிடும்.

மையம் கிடைத்ததும் தேதியைத் தேடுங்கள். பெரும்பாலான முத்திரைகளில் தேதி வட்டத்தின் நடுவே நேர்கோட்டில் ஓடும். படத்தைச் சுழற்றி அந்தக் கோட்டைக் கிடைமட்டமாக்குங்கள். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, மையத்தின் வழியாக ஒரு கோடு இழுங்கள். இதை அச்சு என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் மேல் வளைவில் இருந்தால் அது இந்த அச்சுக்கு இருபுறமும் சமமாகப் பரவியிருக்கும். முத்திரை செய்தவர் பெயரை நடுவில் வைத்துத்தான் செதுக்கியிருப்பார்.

இது எவ்வளவு பெரிய உதவி என்பது வேலை செய்யும்போதுதான் தெரியும். அச்சுக்கு இடப்புறம் மூன்று எழுத்து, அச்சின்மேலேயே ஒரு எழுத்து என்றால், வலப்புறம் மூன்று எழுத்து. வலப்புறம் முழுதாகக் கிழிந்துபோயிருந்தாலும் பெயருக்கு ஏழு எழுத்து என்று தெரிந்துவிட்டது.

தலைகீழா, நேரா என்பதையும் இங்கேயே முடிவுசெய்யுங்கள். முத்திரை தலைக்குத் தலைகீழாகக் குத்தப்பட்டிருப்பது சாதாரணம். ஓ, எச், எக்ஸ் போன்ற எழுத்துகள் தலைகீழாகவும் அப்படியே இருக்கும், அவற்றை நம்பிப் பயனில்லை. ஏ, டி போல மேலும் கீழும் வேறான எழுத்து ஒன்று கிடைக்கும்வரை தேடுங்கள்.

எழுத்துகள்: ஆறு பொய்யர்கள்

ருஷ்ய எழுத்து முழுவதையும் இதற்காகக் கற்க வேண்டாம். ஆங்கில எழுத்துபோல இருந்து ஏமாற்றும் ஆறு எழுத்துகளைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

```
В = வ    Н = ந    Р = ர
С = ஸ    У = உ    Х = ஹ
```

இரட்டை வயிற்றுப் ‘பி’ நமக்கு வ. ஒற்றை வயிற்றுப் ‘பி’ ர. ‘எச்’ என்று தெரிவது ந. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாஸ்கோ முத்திரையைப் பார்ப்பவர்கள் ‘மாக்பா’ என்று ஒரு ஊரை வரைபடத்தில் தேடுவார்கள். ருஷ்யப் பெயர் மஸ்க்வா; ‘சி’ ஸ ஆனது, ‘பி’ வ ஆனது, அவ்வளவுதான்.

ஏமாற்றாத எழுத்துகள் அந்நியமாக இருக்குமே தவிர சுலபம். திருப்பிப் போட்ட ‘என்’ போல இருப்பது இ. கூரைபோல இரண்டு கால் மட்டும் உள்ளது ல. அதே கூரைக்கு அடியில் ஒரு பலகையும் இரண்டு சிறு பாதங்களும் இருந்தால் த. மங்கிய முத்திரையில் முதலில் அழிவது அந்தப் பாதங்கள்தான், ஆகவே ல என்று தெரிவதை எப்போதும் ‘ல அல்லது த’ என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி ஊர்ப் பெயராக இல்லாத சொற்கள். கீழ் வளைவில் ‘பொச்தாம்த்’ என்று இருந்தால் அது ஊரல்ல, தலைமைத் தபால் நிலையம். ‘வக்ஸால்’ என்றால் ரயில் நிலையத்துத் தபால் ஆபீஸ். ஒரு நீண்ட சொல் வந்து அதன்பின் ‘ஒப்ல்’ என்று மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் நின்றால் அந்த நீண்ட சொல் மாகாணத்தின் பெயர், மேலே இருப்பது ஊர். சின்ன ஊர் முத்திரைகளில் இந்த மாகாணப் பெயர் பெரிய வரம். ஒரே பெயரில் நிறைய கிராமங்கள் இருக்கும். மாகாணம் தெரிந்தால்தான் எந்தக் கிராமம் என்று சொல்ல முடியும்.

ஒரு முத்திரையை எடுத்துப் பார்ப்போம்

நான்கு கோபெக் தலை. அடியில் பொடி எழுத்தில் 1963 என்று அச்சாகியிருக்கிறது. சோவியத் சிறப்புத் தலைகள் பலவற்றில் வெளியான ஆண்டை இப்படி அச்சிட்டிருப்பார்கள். இது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் தகவல். முத்திரை தலையின் வலது பாதியில் விழுந்திருக்கிறது. வட்டத்தின் இடது பாதியும் உச்சியும் தலைமேல், வலது பாதி உறையோடு போய்விட்டது. மேல் வளைவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எழுத்து நிச்சயமாகப் படிக்க முடிகிறது: திருப்பிய ‘என்’, அடுத்து கூரை. அதாவது ‘இல்’. அவற்றுக்கு இடப்புறம் மை கரைந்த திட்டுகள்.

இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘இல்’ வருகிற ஊர்கள் எத்தனையோ. ஆனால் அந்த இரண்டு எழுத்துக்கு இடையே உள்ள தூரம் நமக்குத் தெரியும். அதே தூரத்தை அளவாக வைத்து வளைவில் இடப்பக்கமாக நடந்துபோனால், பெயர் தொடங்கும் வெற்றிடத்துக்கு முன் எத்தனை எழுத்துக்கு இடமிருக்கிறது என்று கிடைக்கும். இந்த முத்திரையில் திருப்பிய ‘என்’னுக்கு முன் இரண்டு எழுத்துக்கு இடம். அச்சை இழுத்துப் பார்த்தால் அது கூரையின் நடுவே போகிறது. ஆக, கூரைக்கு இடப்புறம் மூன்று எழுத்து, வலப்புறமும் மூன்று, மொத்தம் ஏழு.

இப்போது ‘இல்’ வருகிற ஏழெழுத்துப் பெரிய ஊர்கள் மூன்றை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

```
В И Л Ь Н Ю С
Т Б И Л И С И
М О Г И Л Е В
```

முதலாவது வில்னியுஸ், லிதுவேனியா. இரண்டாவது திபிலிசி, ஜார்ஜியா. மூன்றாவது மகிலியோவ், பெலாரஸ். மூன்றுக்கும் ஏழெழுத்து, மூன்றிலும் அந்த இரண்டு எழுத்தும் அதே வரிசையில். உருவத்தை மட்டும் பார்த்தால் மூன்றையும் பிரிக்கவே முடியாது. இடத்தைப் பார்த்தால் குழப்பமே இல்லை. வில்னியுஸில் கூரை மூன்றாம் எழுத்து, அச்சுக்கு இடப்புறம் விழும். மகிலியோவில் ஐந்தாம் எழுத்து, அச்சுக்கு வலப்புறம் விழும். திபிலிசியில் மட்டும் நான்காவது, அச்சின்மேல் நிற்கும். நம் முத்திரையில் அச்சின்மேல் நிற்கிறது.

சரி, திபிலிசி என்று எழுதிவிடலாமா? அவசரப்பட வேண்டாம், ஒரு சாட்சியோடு தீர்ப்பு எழுதக் கூடாது. பெயரைப் பாருங்கள்: கூரைக்கு இருபுறமும் அதே திருப்பிய ‘என்’ வருகிறது. ஆகவே அச்சுக்கு வலப்புறம், தலையின் ஓரப்பல்லுக்குப் பக்கத்தில், இரண்டு செங்குத்துக் கோடுகள் இருக்க வேண்டும். வில்னியுஸாக இருந்தால் அங்கே ஒரு கோடும் கீழே ஒரு சிறு வயிறும் இருக்கும். மகிலியோவாக இருந்தால் ஒரு கோட்டிலிருந்து மூன்று கை நீளும். சிவப்புப் படத்தில் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கினால் செங்குத்துக் கோடு ஒன்று முழுதாகவும், இரண்டாவதன் தலை மட்டும் பல்லில் வெட்டுப்பட்டும் தெரிகிறது. இரண்டு சாட்சி ஆயிற்று.

மூன்றாவது சாட்சி கீழ் வளைவில் இருக்கிறது.

இரண்டாவது மொழியின் எழுத்துதான் நாட்டைச் சொல்லும்

குடியரசுகளில் முத்திரைகள் பலவும் இருமொழியில் இருந்தன. ஒரு வளைவில் ருஷ்யம், மற்றதில் அந்தக் குடியரசின் மொழி. எது மேலே எது கீழே என்பது ஊருக்கு ஊர் மாறும். 1956க்குப் பிறகு சோவியத் யூனியனில் 15 குடியரசுகள். அவற்றில் ஐந்துதான் ருஷ்ய எழுத்தில்லாத வேறு எழுத்தில் எழுதின: எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றும் ஆங்கிலம் எழுதும் அதே ரோமன் எழுத்து, ஜார்ஜியாவுக்கும் ஆர்மேனியாவுக்கும் சொந்த எழுத்து. ஆகவே ருஷ்ய எழுத்துக்கு எதிர்ப்புறம் ரோமன் எழுத்தின் ஒரே ஒரு துண்டு கிடைத்தால்கூட, பால்டிக் கரைக்கு வந்துவிட்டீர்கள்.

ஜார்ஜிய எழுத்தையும் ஆர்மேனிய எழுத்தையும் பிரிக்கத் தமிழ்க் கண்ணுக்கு ஒரு வசதி உண்டு. ஜார்ஜிய எழுத்து தெலுங்குபோலவும் பர்மியம்போலவும் உருண்டையானது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் முத்திரையில் தெரியாது. ஆர்மேனியம் நேர்க்கால்கள் நிறைந்தது, ‘யு’வையும் ‘என்’னையும் மாறிமாறி எழுதியதுபோல இருக்கும்.

நம் முத்திரையின் கீழ் வளைவில் இடது ஓரத்தில் இரண்டே இரண்டு எழுத்து மிஞ்சியிருக்கின்றன, இரண்டும் உருண்டை. கீழ் வளைவிலும் பெயர் இடமிருந்து வலமாகத்தான் ஓடும், ஆகவே இவை பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். திபிலிசியின் ஜார்ஜிய வடிவத்தைத் திரையில் வைத்து ஒப்பிடுங்கள்:

```
თბილისი
```

முதல் இரண்டோடு பொருந்துகிறது. இதே இடத்தில் வில்னியுஸ் முத்திரையென்றால் ரோமன் ‘வி’ இருந்திருக்கும். மகிலியோவ் என்றால் பெலாரஸ் மொழிப் பெயர், அதுவும் ருஷ்யக் குடும்ப எழுத்தில். மூன்று சாட்சியும் ஒரே ஊரைக் காட்டுகின்றன. ஜார்ஜியா, திபிலிசி.

மத்திய ஆசியக் குடியரசுகள் இவ்வளவு இலகு அல்ல. உஸ்பெக்கும் கசக்கும் அப்போது ருஷ்ய எழுத்திலேயே எழுதப்பட்டன. எழுத்தின் அடியில் ஒரு வால், நடுவில் ஒரு கோடு போட்ட வட்டம் என்று கூடுதல் அடையாளங்கள் இருக்கும். மங்கிய முத்திரையில் அந்த வால் முதலில் போய்விடும். அங்கே இடக்கணக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

சோவியத்துக்கு வெளியேயும் இந்த எழுத்து உண்டு. பல்கேரியா, யூகோஸ்லாவியாவின் செர்பியப் பகுதி, மங்கோலியா. தலை இல்லாமல் முத்திரை மட்டும் இருக்கும் உறைத்துண்டு கைக்கு வந்தால் இவற்றையும் கணக்கில் வையுங்கள். தலை இருந்தால் அது இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

தேதியை எப்படிப் படிப்பது

வரிசை: நாள், மாதம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். பல முத்திரைகளில் அதன்பின் ஒரு சிறு கோடு போட்டு மணியும் இருக்கும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். கடைசி எண் 19 என்றிருந்தால் 1919 அல்ல, மாலை ஏழு மணி. 31க்கு மேல் உள்ள எண்ணைத் தேடுங்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆண்டு தானாகத் தனித்துத் தெரியும், ஏனென்றால் நாளும் மணியும் அவ்வளவு தூரம் ஏறாது.

நம் முத்திரையில் ‘17 5 6’ வரை இருக்கிறது, பிறகு வெட்டு. தலையில் 1963 என்று அச்சாகியிருப்பதால் 63க்கு முன்னால் போக முடியாது. அறுபதுகளுக்கு அப்பாலும் போக முடியாது. ஆகவே 1963 முதல் 1969 வரை ஏதோ ஒரு மே 17. தலை வெளியான மாதத்தைப் பட்டியலில் பாருங்கள். அது மே மாதத்துக்குப் பிறகு வெளியானது என்றால் 1963உம் விழுந்துவிடும். இதற்குமேல் இந்தத் தலையிலிருந்து எடுக்க முடியாது.

தலையின் விலையும் பேசும். 1961இல் நாணயச் சீர்திருத்தம் வந்து பழைய பத்து ரூபிள் புதிய ஒரு ரூபிளானது. அதற்கு முன் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு 40 கோபெக் ஒட்டினார்கள், பின்பு 4 கோபெக். 40 கோபெக் தலைமேல் 60ஐத் தவிர ‘6’ இல் தொடங்கும் வேறு ஆண்டைப் படித்தால் மறுபடி பாருங்கள். அந்த ‘6’ உண்மையில் ‘5’ ஆக இருக்கலாம்.

ஊர்ப் பெயரே தேதி சொல்வதும் உண்டு. திபிலிசி 1936 வரை ருஷ்யத்தில் திஃப்லிஸ். வோல்கா கரையில் இருக்கும் அந்த நகரம் 1925 வரை த்ஸரீத்ஸின், பிறகு ஸ்டாலின்கிராத், 1961இலிருந்து வோல்ககிராத். பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெத்ரோகிராத் ஆகி, 1924இல் லெனின்கிராத் ஆகி, 1991இல் பழைய பெயருக்கே திரும்பியது. 1963 தலையில் ஸ்டாலின்கிராத் என்று படித்தால், முத்திரை தவறில்லை, நம் கண்தான் தவறு.

ஜார் காலத்து முத்திரை கையில் கிடைத்தால் இரண்டு விஷயம் மாறும். மெய்யெழுத்தில் முடியும் ஊர்ப் பெயரின் கடைசியில், சின்ன ‘b’க்கு இடப்பக்கம் ஒரு கொடி வைத்ததுபோல உச்சரிக்காத எழுத்து ஒன்று தொங்கும். 1918 எழுத்துச் சீர்திருத்தத்தோடு அது பெயர்களின் கடைசியிலிருந்து போயிற்று. அதைப் பார்த்தாலே பழைய முத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, அன்றைய ருஷ்யத் தேதி ஐரோப்பியத் தேதிக்கு 20ஆம் நூற்றாண்டில் 13 நாள் பின்தங்கியது, 19ஆம் நூற்றாண்டில் 12 நாள். 20ஆம் நூற்றாண்டில் மார்ச் 1 என்று முத்திரை குத்திய கடிதம் மார்ச் 18 அன்று பாரிஸில் முத்திரை வாங்கியிருந்தால் பயணம் பதினேழு நாள் அல்ல, நான்கு நாள். 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாளை பிப்ரவரி 14 என்று அறிவித்து ருஷ்யா இந்த வித்தியாசத்தை ஒழித்தது.

தேடும்போது

ஊர்ப் பெயரின் துண்டை இணையத்தில் தேடும்போது ஆங்கில விசைப்பலகையில் அடிக்காதீர்கள். ருஷ்ய ‘ஸ’வும் ஆங்கில ‘சி’யும் திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்து; ஒன்றும் கிடைக்காது. போனில் ருஷ்ய விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை. ருஷ்ய விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு குடியரசின் நகரப் பட்டியலையும் திறந்து, `Ctrl+F` அழுத்தி, உங்களிடம் இருக்கும் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் அடித்தால் அவை வரும் பெயர்கள் எல்லாம் மஞ்சளாக மின்னும். அவற்றிலிருந்து எழுத்து எண்ணிக்கை பொருந்துவதையும், அச்சில் நிற்கும் எழுத்து பொருந்துவதையும் மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதை நீக்குங்கள். போன் கேமராவின் மொழிபெயர்ப்பு வசதி முழுதான, நேரான எழுத்துக்குச் சரி. வளைந்து, மங்கி, ஓவியத்தின்மேல் கிடக்கும் எழுத்தில் அது அடித்துவிடுவதை நம்பாதீர்கள்.

எங்கே நிறுத்துவது என்பதும் தெரிய வேண்டும். மையம் கிடைக்கவில்லை, தேதிக் கோடும் இல்லை, எழுத்து இரண்டே இரண்டு என்றால் ஊரைச் சொல்ல முடியாது. அந்தத் தலைக்குக் கீழே ‘சோவியத், 1963க்குப் பின்’ என்று எழுதி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நம் முத்திரைக்கு ஆல்பத்தில் எழுத வேண்டியது இப்படி: கண்ணால் கண்டது வெளியே, கணக்கால் வந்தது அடைப்புக்குள். ‘(த் ப்) இ ல் (இ ஸ் இ), ஜார்ஜியா, 17.5.196(3–9)’. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ‘கீழ் வளைவில் ஜார்ஜிய எழுத்து இரண்டு’ என்று ஒரு குறிப்பு. நாளைக்கு இதே முத்திரை முழுதாகக் குத்திய இன்னொரு தலை கிடைத்தால், அடைப்புக்குள் இருப்பதை மட்டும் சரிபார்த்தால் போதும்.